நாயனத்துக்குத் தவில்: முதல் முறை செட்டில் உட்காரப் போகிறவர்களுக்கு

சில வருடம் பாடம் ஆகியிருக்கும். தத்தகாரம் நாக்கில் நிற்கும், கையில் சொல் தெளிவாக விழும். ஆனாலும் முதல் முறை ஒரு கல்யாணத்திலோ சுவாமி புறப்பாட்டிலோ உட்கார்ந்தால், நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் காரணம் பெரும்பாலும் கை வேகம் போதாதது இல்லை. பாட்டு எங்கே எடுக்கிறது என்று தெரியாமல் வாசித்ததுதான். இந்தக் கட்டுரை அந்த ஒன்றைப் பற்றித்தான்: நாயனம் போகும் வழியில் தவில் எப்படிக் கூடவே போவது, போய் எப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பது. ராமேஸ்வரம், தேவிபட்டினம், திருப்புல்லாணி, தொண்டி என்று இந்தக் கடலோரத்தில் வாசிக்கிறவர்களுக்குத் தனியாகத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களும் இடையிடையே வரும்.

பாட்டே உங்கள் தாளம்

பாடம் படிக்கும்போது ஒருவர் தாளம் போடுவார், நீங்கள் வாசிப்பீர்கள். எட்டு எண்ணிக்கையில் எது முதல் தட்டு, எது வீச்சு என்று அவர் கையைப் பார்த்தாலே தெரியும். செட்டில் அந்த வசதி கிடையாது. உங்கள் வலது கை வலந்தலையில், இடது கை குச்சியோடு தொப்பியில். தாளம் போடக் கை மிச்சம் இல்லை. பின்னால் ஜால்ரா போடுகிறவர் இருக்கிறாரே என்றால், ஜால்ரா பெரும்பாலும் எல்லா எண்ணிக்கையிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். காலப்பிரமாணத்தை அது காட்டும், எது சமம் என்று காட்டாது.

ஆகவே தவில்காரருக்குக் கணக்கு வைத்துக்கொள்ள இருக்கும் ஒரே நம்பகமான பொருள் நாயனத்தில் வந்துகொண்டிருக்கும் பல்லவி வரி. அந்த வரி மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கை எதை வாசித்தாலும் உள்ளே பாட்டு நிற்கக் கூடாது. நல்ல தவில்காரர்கள் வாசிக்கும்போது உதடு லேசாக அசைவதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் சொற்கட்டைச் சொல்வார்கள், பலர் பாட்டைத்தான் முணுமுணுப்பார்கள்.

இதற்கு வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் போகும் செட்டில் வழக்கமாக வாசிக்கும் உருப்படிகளில் பத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பல்லவி, அனுபல்லவி முதல் வரிகளை வாயால் பாடிக் கையால் தாளம் போடப் பழகுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்து எந்த எண்ணிக்கையில் விழுகிறது என்பது பிசகாமல் வந்தால் போதும். இதைச் செய்யாமல் தவிலில் இன்னும் நூறு கோர்வை பாடம் பண்ணுவதால் செட்டில் பயன் இல்லை.

உட்காரும் இடம்

நாயனக்காரரின் விரலும் கன்னமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கன்னம் உப்பி இறங்குவதிலிருந்து அவர் எங்கே மூச்சு எடுக்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரியும். விரல் கீழ்த் துளைகள்வரை மூடிக்கொண்டே இறங்கினால் கீழ் ஸ்தாயிக்குப் போகிறார் என்று பொருள். அங்கே குச்சி அடியைக் குறைக்காவிட்டால் அவர் வாசிப்பது யாருக்கும் கேட்காது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்குப் பிறகு சுருதி தாழ்ந்த பாரி நாயனம் பரவலாகிவிட்டது. பழைய திமிரி நாயனத்தின் உச்சக் குரல் எந்தத் தவிலையும் கிழித்துக்கொண்டு வரும். பாரியின் கீழ்ப் பிடிகளுக்கு அந்தப் பலம் இல்லை. அடக்கி வாசிப்பது இன்று தவிலுக்குக் கட்டாயம்.

வெளியில் நின்று வாசிக்கும்போது காற்றையும் பாருங்கள். ஆடி மாதம் தெற்கேயிருந்து சோழகம் அடிக்கும் சமயத்தில், கடற்கரையில் நாயனக்காரருக்குத் தெற்குப் பக்கம் நின்றால் நாயனம் உங்கள் காதுக்குப் பாதிதான் வரும். அவருக்கு வடக்கே நில்லுங்கள். மார்கழி வாடைக்கு இது அப்படியே தலைகீழ். சின்ன விஷயம்தான், ஆனால் நாயனம் கேட்காத தவில்காரர் தன் கணக்கில் தானே போய்விடுவார்.

எடுப்பைப் பிடிப்பது

பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் எடுப்பு. சில பாட்டுகள் முதல் தட்டிலேயே தொடங்கும், அது சம எடுப்பு. சில, தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்து எடுக்கும். இன்னும் சில ஒன்றரை எண்ணிக்கை தள்ளி. ஆதி தாளத்தில் புதியவர் இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் சமாளிக்கலாம்.

பாட்டு ஆரம்பித்ததும் வாசிக்கக் கை துறுதுறுக்கும். முதல் ஆவர்த்தனத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்கு ஒரு சொல், அதுவும் மெதுவாக. அந்த நேரத்தில் காது இரண்டு இடங்களைத் தேட வேண்டும். ஒன்று, வரியின் முதல் எழுத்து ஜால்ராவோடு சேர்ந்து விழுகிறதா, இரண்டு ஜால்ராவுக்கு நடுவில் விழுகிறதா என்பது. நடுவில் விழுந்தால் சம எடுப்பு இல்லை. இரண்டாவது, வரியின் நடுவில் நாயனம் அழுத்தி நிற்கும் இடம், அதாவது அருதி. ஆதி தாளப் பாட்டுகளில் அருதி பெரும்பாலும் ஐந்தாம் எண்ணிக்கையை ஒட்டி, முதல் துருதத் தட்டில் வரும். அருதி பிடிபட்டால் அங்கிருந்து நான்கு எண்ணிச் சமத்துக்குப் போய்விடலாம். வரி திரும்ப வரும்போது சரிபாருங்கள். இரண்டு தடவை கேட்டும் பிடிபடாவிட்டால் இன்னும் இரண்டு தடவை சாதாரண நடையிலேயே போங்கள். கேட்கிறவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தப்பான இடத்தில் தீர்மானம் வைத்தால்தான் தெரியும்.

எடுப்பு தெரிந்த பிறகு வரிக்குள் எங்கே நிரப்புவது என்ற கேள்வி. நாயனத்தில் வாசிக்கிறவருக்கு மூச்சு வேண்டும். வரியின் முடிவிலோ அருதிக்குப் பிறகோ ஒரு இடைவெளி வரும். தவிலின் சொல் நிறைய விழ வேண்டிய இடம் அது. நாயனம் நிறையச் சொல்லும்போது தவில் குறைவாக, நாயனம் கார்வை கொடுத்து நிற்கும்போது தவில் கொஞ்சம் கூடுதலாக. பல்லவியில் முதல் சங்கதிக்கு வெறும் நடை போதும். சங்கதி ஏற ஏற நீங்களும் ஏறலாம். கடைசிச் சங்கதி வரும்போது நாயனக்காரர் பெரும்பாலும் தலையைத் தூக்குவார் அல்லது அந்தச் சங்கதியையே இரண்டு தடவை வாசிப்பார். அனுபல்லவிக்குப் போகப் போகிறோம், தீர்மானம் வை என்று அதற்குப் பொருள்.

ஒரு தீர்மானத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம்: த திங் கி ண தொம். ஐந்து மாத்திரை. மூன்று தடவை சொன்னால் பதினைந்து. இடையில் இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை விட்டால் மொத்தம் பதினேழு.

ஆதி தாளம், எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32. கடைசித் தொம் அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது 33-வது மாத்திரையில் விழ வேண்டும். அதற்கு முன்னால் இருப்பவை பதினாறு மாத்திரை. பதினாறு என்றால் நான்கு எண்ணிக்கை. ஆகவே ஆரம்பிக்க வேண்டிய இடம் 17-வது மாத்திரை, ஐந்தாம் எண்ணிக்கையின் தட்டு. சம எடுப்புப் பாட்டுக்கு இதுதான் இடம், அருதி இருக்கும் அதே இடம் என்பதால் பிடிப்பதும் சுலபம்.

சரியாகப் போகிறதா என்பதை நடுவிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதல் தொம் ஆறாம் எண்ணிக்கை தொடங்கும்போது ஜால்ராவோடு சேர்ந்து விழும். இரண்டாவது தொம் ஏழாம் எண்ணிக்கையின் நட்ட நடுவில், இரண்டு ஜால்ராவுக்கு இடையில் விழும். மூன்றாவது சமத்தில், பாட்டின் முதல் எழுத்தோடு. சேர்ந்து, நடுவில், சேர்ந்து என்று மூன்று தொம்மும் போனால் தீர்மானம் சரி.

அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கும் பாட்டுக்கு எல்லாமே இரண்டு மாத்திரை தள்ளும். ஐந்தாம் எண்ணிக்கையின் தட்டு விழட்டும், அதன் நடுவில் ஆரம்பியுங்கள். ஒன்றரை தள்ளி எடுக்கும் பாட்டுக்கு ஆறு மாத்திரை தள்ளும், அப்போது ஆரம்பம் ஆறாம் எண்ணிக்கையின் நடு. இந்த இரண்டிலும் தொம் விழும் வரிசை மாறி, நடுவில், சேர்ந்து, நடுவில் என்று வரும். ரூபகத்தில் ஆவர்த்தனத்துக்குப் பன்னிரண்டு மாத்திரைதான். சம எடுப்பு ரூபகப் பாட்டில் மூன்றாம் எண்ணிக்கையில் ஆரம்பித்து, அடுத்த ஆவர்த்தனம் முழுக்கப் போய், அதற்கடுத்த சமத்தில் முடிக்க வேண்டும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, எந்தப் பாட்டானாலும் ஐந்தாம் தட்டில் ஆரம்பித்துவிடுவது. அரை எடுப்புப் பாட்டில் இப்படிச் செய்தால் தொம் சமத்தில் விழுந்துவிடும். பாட்டு இன்னும் எடுத்திருக்காது. நடுவில் அரை எண்ணிக்கைக்கு ஒரு பள்ளம். தாளம் தவறவில்லைதான், ஆனாலும் பாட்டுக்குத் தீர்மானம் ஆகவில்லை. இரண்டாவது, இடையில் விட வேண்டிய அந்த ஒரு மாத்திரையை விழுங்கிவிடுவது. வேகமாகப் போகும்போது கைக்கு நிற்கப் பிடிக்காது. இரண்டு இடைவெளியையும் விழுங்கினால் தீர்மானம் அரை எண்ணிக்கை முந்திக்கொண்டு முடியும். தொம் விழும் வரிசையே உங்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது தொம் நடுவில் விழாமல் முந்தினால், மூன்றாவதற்கு முன்னால் ஒரு மாத்திரை கூடுதலாக விட்டுச் சரிக்கட்டலாம்.

அப்படியும் பிசகிவிட்டால் உடனே கையை அடக்குங்கள். விட்டதைப் பிடிக்க இன்னொரு தீர்மானம் வைப்பதுதான் பெரிய ஆபத்து. அனுபவமுள்ள நாயனக்காரர் கடைசி ஸ்வரத்தை நீட்டியோ, வரியை இன்னொரு தடவை எடுத்தோ பள்ளத்தை மூடிவிடுவார். அவர் எடுக்கும்வரை எண்ணிக்கைக்கு ஒரு சொல், பிறகு நடை. நாயனமும் ஜால்ராவும் வேறு வேறாகப் போனாலும் நாயனத்தோடுதான் போக வேண்டும். ஜால்ராக்காரர் உங்கள் குச்சி அடியைக் கேட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

தாளம் இல்லாத இடம்

ராக ஆலாபனைக்கு முன்னால் தவிலில் அலாரிப்பு வாசிப்பது வழக்கம். அது முடிந்து நாயனம் ராகத்தைத் தொட்டதும் தவிலுக்கு வேலை குறைவு. ஆனால் கவனம் குறையக் கூடாது. பிடி முடிந்து நாயனக்காரர் மூச்சு எடுக்கும் இடத்தில் நாலைந்து சொல், அவ்வளவுதான். அந்தச் சொற்கள் அவர் விட்ட பிடியின் வேகத்திலேயே இருக்க வேண்டும். நிதானமாக ஒரு பிடியை இறக்கி நிறுத்தியிருப்பார், அங்கே தடதடவென்று உருட்டினால் ராகம் கலைந்துவிடும். அவர் சீவாளியை மாற்றவோ நனைக்கவோ நிறுத்தினால் மட்டும் அந்த இடைவெளி முழுவதும் உங்களுடையது. அவர் மறுபடி வாயில் வைத்ததும் எங்கே இருந்தாலும் சுருக்கி முடித்துவிடுங்கள்.

மண்டபத்தில்: கெட்டிமேளம்

கல்யாணத்தில் இதுவரை சொன்ன கணக்கு எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டிய ஒரு கட்டம் இது. மாங்கல்யதாரணத்துக்குச் சாஸ்திரிகளோ குடும்பப் பெரியவரோ கையை உயர்த்தி ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். அந்த நொடியில் தும்மலோ அபசகுனமான சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்பதுதான் வழக்கத்தின் நோக்கம். எனவே பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும், தீர்மானம் வைக்காமல், அப்படியே விட்டுவிட்டுத் துரித காலத்தில் இரண்டு தலையிலும் விடாமல் வாசிக்க வேண்டும். நாயனமும் மேல் ஸ்தாயிக்குப் போய்விடும். இங்கே தவில் நாயனத்தைப் பார்க்காது, இரண்டும் மணமேடையைப் பார்க்கும்.

பிரச்சினை வருவது பார்வையில்தான். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் மணமேடையைச் சுற்றிப் போட்டோக்காரர்களும் வீடியோக்காரர்களும் நின்றுவிடுகிறார்கள். சாஸ்திரிகளின் கை தெரியாது, மைக் சத்தத்தில் குரலும் கேட்காது. வந்து உட்கார்ந்ததுமே மேடையில் நிற்கும் உறவுக்காரர் ஒருவரிடம், "அண்ணே, தாலி எடுத்ததும் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். தட்டில் வைத்துத் தாலியைச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரும்போதே நீளமான உருப்படியைத் தொடங்காமல் இருப்பது நாயனக்காரரின் வேலை. அவர் சின்னப் பாட்டுக்கு மாறினால் நேரம் நெருங்கிவிட்டது என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை விழும்வரை நிறுத்தக் கூடாது. முதல் முடிச்சோடு கை ஓய்ந்துபோவது புதியவர்களுக்கு நடப்பதுதான். ஆரம்பத்திலேயே முழுப் பலத்தையும் கொட்டிவிடுவதால் வருவது அது. முக்கால் பலத்தில் தொடங்குங்கள். முடிக்கும்போது நாயனக்காரர் மேல் ஸ்வரத்திலிருந்து இறங்குவார். அவரோடு வேகத்தைத் தளர்த்தி, ஒரு சின்னத் தீர்மானத்தோடு நிறுத்தினால் அடுத்த மங்கலப் பாட்டுக்கு அவரால் நிதானமாகப் போக முடியும்.

கோயிலில்: மல்லாரியும் பிராகாரமும்

சுவாமி புறப்பாட்டில் முதலில் வருவது மல்லாரி, கம்பீரநாட்டையில். இதற்குச் சாகித்தியம் கிடையாது. தத்தகாரத்தை ஸ்வரத்தில் கட்டிவைத்ததுபோல் இருக்கும். எனவே இங்கே தவில் நடை மட்டும் வாசித்தால் போதாது. மல்லாரியின் அமைப்பு எப்படிப் பிரிகிறதோ அப்படியே தவிலிலும் சொல் பிரிய வேண்டும். ஒன்றாம் காலத்தில் அந்த அமைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் இரண்டாம், மூன்றாம் காலத்துக்கு நாயனம் மாறும்போது கூடப் போக முடியும். புறப்பாட்டில் எப்போது நிற்கும், எப்போது நகரும் என்பது சுவாமி தூக்குகிறவர்கள் கையில் இருக்கிறது. தீபாராதனைக்கு மணி அடித்தால் கெட்டிமேளம்போல் துரிதம், மணி நின்றால் விட்ட இடத்துக்குத் திரும்பல். தேவிபட்டினம் போன்ற சின்ன வீதிகளில் இதற்கு நிறையப் பழக்கம் வேண்டாம்.

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரம் வேறு மாதிரி. கல் தூண், கல் தளம், கல் கூரை, நீளமான நடை. ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்தது விழுந்தால் எல்லாம் ஒன்றாகக் குழம்பி, நாயனத்தின் மேலேயே வந்து படியும். வெளியே தெளிவாகக் கேட்ட மூன்றாம் காலச் சொற்கள் இங்கே வெறும் இரைச்சலாகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் சொற்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், குச்சி அடியை எடுப்பிலும் அருதியிலும் மட்டும் அழுத்துங்கள். இரண்டு தவில் இருந்தால் ஒருவர் நடை, ஒருவர் நிரப்பல் என்று பிரித்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே சமயத்தில் நிரப்பினால் நாயனக்காரருக்குத் தன் சுருதியே கேட்காது.

தோலும் கடல் காற்றும்

மிருதங்கத்தைப்போல் தவிலை ஆதார சட்ஜத்துக்குத் துல்லியமாகச் சேர்ப்பதில்லை. ஆனால் வலந்தலை இறுக்கமாக இருந்தால்தான் சொல் உடைந்து விழும். இந்தக் கரையில் விடியற்கால முகூர்த்தங்களில் தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு தளர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். தளர்ந்த தலையில் தொம் மழுங்கிப்போய், நாயனக்காரருக்கு எடுப்புக்கான இடம் தெளிவாகக் கேட்காது. அவர் தயங்கி எடுப்பார், நீங்கள் அவர் பிந்துகிறார் என்று நினைப்பீர்கள்.

வந்ததும் உறையிலிருந்து எடுத்து அரைமணி நேரம் மின்விசிறிக்கு அருகில் வையுங்கள், பிறகு தட்டிப் பாருங்கள். இன்னும் தளர்வாக இருந்தால் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் திருப்புக்கு மேல் போகாமல் முடுக்குங்கள். ஒரே பக்கமாக முடுக்கினால் தலை கோணி ஒரு ஓரத்தில் மட்டும் கத்தும். விடியலில் முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டு வெயிலில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நடந்தால், தோல் காய்ந்து மேலும் இறுகும், பழைய தோல் கிழியவும் செய்யும். ஊர்வலத்துக்குக் கிளம்பும் முன் அரைத் திருப்புத் தளர்த்திவிட்டு, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புங்கள்.